ஒரு சர்வர் சாயும்போது

ஐந்து சர்வர்கள், ஒவ்வொன்றிலும் நான்கு டிஸ்க்குகள் என்று ஒரு சேமிப்பகத்தை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவில் இரண்டாவது சர்வரின் பவர் சப்ளை எரிந்துபோகிறது. அந்தச் சேமிப்பகத்தை நம்பி ஓடும் விர்ச்சுவல் மெஷின்கள் எல்லாமே இருபது, இருபத்தைந்து விநாடி உறைந்து நிற்கும். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். பத்து நிமிடம் கழித்து, யாரும் எந்தக் கட்டளையும் கொடுக்காமலே, மிச்சமிருக்கும் நான்கு சர்வர்களும் தங்களுக்குள் தரவை நகல் எடுக்கத் தொடங்கும். பொறுப்பாளர் காலையில் வந்து திரையைப் பார்க்கும்போது வேலை முடிந்தே போயிருக்கலாம்.

இப்படிச் செய்யும் மென்பொருளின் பெயர் செஃப். கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் என்ற ஆராய்ச்சி மாணவர் தொடங்கிய வேலை இது. அதன் அடிப்படையை விளக்கும் கட்டுரைகள் 2006-இல் வெளிவந்தன. திறந்த மூல மென்பொருள் என்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம். ஐரோப்பாவின் அணு ஆராய்ச்சி மையமான செர்ன் முதல் சிறிய ஹோஸ்டிங் நிறுவனங்கள் வரை இதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு சர்வர் போனாலும் தரவு போகாமலிருக்க நகல்கள் வைத்திருப்பது புதிய யோசனை இல்லை. எந்தத் துண்டு எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்பதைச் செஃப் எங்கேயும் எழுதி வைப்பதில்லை என்பதுதான் இதில் புதுசு. எழுதி வைக்காததைத் தேடவும் முடியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. சர்வர் சாயும்போது நடப்பவை எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து வருகின்றன.

நம் எடுத்துக்காட்டில் டிஸ்க் ஒவ்வொன்றும் 4 டெராபைட். மொத்தம் 20 டிஸ்க், 80 டெராபைட். ஒவ்வொரு டிஸ்க்கையும் ஒரு தனி நிரல் கவனித்துக்கொள்ளும். அதற்கு ஓஎஸ்டி என்று பெயர். 0 முதல் 3 வரை எண்ணுள்ள ஓஎஸ்டிகள் முதல் சர்வரில், 4 முதல் 7 வரை இரண்டாவதில், கடைசியாக 16 முதல் 19 வரை ஐந்தாவதில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தரவுக்கு மூன்று நகல்கள். மூன்றும் வெவ்வேறு சர்வரில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. உண்மையான தரவு 16 டெராபைட்; மூன்று நகலும் சேர்ந்து 48 டெராபைட். அதாவது இடம் 60 சதவீதம் நிரம்பியிருக்கிறது.

ஒரு விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க்கைச் செஃப் முழுசாக ஓரிடத்தில் வைக்காது. 4 மெகாபைட் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வைக்கும். இந்தத் துண்டுதான் ஆப்ஜெக்ட். 16 டெராபைட் என்றால் சுமார் 40 லட்சம் ஆப்ஜெக்ட். ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று பட்டியல் போட்டால் 40 லட்சம் வரி வரும். அந்தப் பட்டியலை ஒரு சர்வரிடம் கொடுத்தால் எல்லாரும் அதன் வாசலில் வரிசையில் நிற்பார்கள். அது விழுந்தால் எல்லாம் விழும்.

செஃப் இதை இரண்டு படியாகச் செய்கிறது. முதல் படியில், ஆப்ஜெக்ட்டின் பெயரை ஹேஷ் என்னும் கணக்கில் போட்டு ஒரு பெரிய எண்ணாக மாற்றுகிறது. அந்த எண்ணை, முன்கூட்டியே தீர்மானித்த ஒரு எண்ணிக்கைக்குள் அடக்குகிறது. நம் எடுத்துக்காட்டில் அது 512. இந்த 512-இல் ஒவ்வொன்றும் ஒரு பிளேஸ்மென்ட் குரூப், சுருக்கமாகப் பிஜி. தபால் பிரிக்கும் இடத்தில் கடிதங்களை ஒவ்வொன்றாக ரயிலேற்றுவதில்லை. பைகளில் போட்டு, பையைத்தான் ஏற்றி இறக்குகிறார்கள். பிஜி அப்படி ஒரு பை. 40 லட்சம் ஆப்ஜெக்ட்டும் 512 பைகளுக்குள் போய்விடுகின்றன. ஒரு பைக்குச் சுமார் 31 ஜிகாபைட்.

இரண்டாவது படியில்தான் பிஜிக்கு டிஸ்க் ஒதுக்கப்படுகிறது. இதைச் செய்யும் கணக்கின் பெயர் க்ரஷ். இந்த இரண்டு படிகளையும் ஒரே வரியில் கண்ணால் பார்க்க ஒரு கட்டளை இருக்கிறது:

```
$ ceph osd map vms rbd_data.5e2a6b8b4567.00000000000003e8
osdmap e1842 pool 'vms' (2) object 'rbd_data.5e2a6b8b4567.00000000000003e8'
 -> pg 2.7c3d91a5 (2.1a5) -> up ([7,14,2], p7) acting ([7,14,2], p7)
```

இடமிருந்து வலமாகப் படித்தால் போதும். ஆப்ஜெக்ட்டின் பெயர் `7c3d91a5` என்ற எண்ணாகிறது. அதை 512-க்குள் அடக்கினால் `1a5`. இரண்டாம் எண் பூல் என்பதால் பிஜியின் பெயர் `2.1a5`. அந்தப் பிஜி 7, 14, 2 ஆகிய மூன்று ஓஎஸ்டிகளில் இருக்கிறது. `p7` என்பது, 7-தான் அந்தப் பிஜிக்குத் தலைவர் என்று சொல்கிறது. எழுதுவதும் படிப்பதும் தலைவர் வழியாகத்தான். எழுத வந்ததைத் தலைவர் தன் டிஸ்க்கில் போட்டு, மற்ற இருவருக்கும் அனுப்பி, அவர்களும் எழுதிவிட்டதாகச் சொன்ன பிறகுதான் விர்ச்சுவல் மெஷினிடம் ‘முடிந்தது’ என்று சொல்லும். இந்தக் கடைசி வாக்கியம் பின்னால் தேவைப்படும்.

க்ரஷ் எப்படி 7, 14, 2 என்று முடிவு செய்கிறது? கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கல்தான். ஆனால் முடிவு மாறாத குலுக்கல். பிஜியின் எண், ஒரு சர்வரின் எண், எத்தனையாவது நகல் என்ற எண் ஆகிய மூன்றையும் ஹேஷில் போட்டு அந்தச் சர்வருக்கு ஒரு ‘குச்சி’யின் நீளத்தை எடுக்கிறது. பிறகு அந்தச் சர்வரின் கொள்ளளவுக்கு ஏற்ப நீளத்தைச் சரிக்கட்டுகிறது. ஐந்து சர்வருக்கும் இப்படி ஐந்து குச்சிகள். நீளமான குச்சி எடுத்த சர்வர் ஜெயித்தது. அந்தச் சர்வருக்குள் இருக்கும் நான்கு டிஸ்க்குகளிடையே மறுபடி அதே குலுக்கல். அடுத்த நகலுக்கு அடுத்த சுற்று. ஏற்கெனவே ஜெயித்த சர்வர் மறுபடி வந்தால் தள்ளிவிட்டுத் திரும்பக் குலுக்குகிறது.

ஹேஷ் என்பதால் எந்தக் கணினியில் போட்டாலும், எத்தனை முறை போட்டாலும் ஒரே விடைதான். ஆகவே விர்ச்சுவல் மெஷின் ஓடும் கணினியே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு நேராக 7-ஆம் ஓஎஸ்டியின் கதவைத் தட்டும். நடுவில் யாரிடமும் வழி கேட்பதில்லை. அதற்குத் தேவை ஒரு சின்ன வரைபடம் மட்டும்: எந்தச் சர்வரில் எந்த ஓஎஸ்டி, அதன் எடை எவ்வளவு, உயிரோடு இருக்கிறதா இல்லையா. இந்த வரைபடத்தை மானிட்டர் எனப்படும் சில நிரல்கள், பெரும்பாலும் மூன்று, பெரும்பான்மை ஓட்டில் பராமரிக்கின்றன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வரைபடத்தின் பதிப்பு எண் ஒன்று கூடும். மேலே பார்த்த `e1842` அதுதான்.

குச்சி முறையின் அழகு ஒரு சர்வர் போகும்போதுதான் தெரியும். இரண்டாவது சர்வர் போட்டியிலிருந்து விலகினாலும் மற்ற நான்கு சர்வர்களின் குச்சி நீளம் மாறாது. அவை தத்தம் எண்ணை மட்டுமே வைத்துக் கணக்கிடப்பட்டவை. எனவே இரண்டாவது சர்வர் ஜெயித்திருந்த இடங்களுக்கு மட்டும்தான் புது ஆள் வேண்டும். மற்ற இடங்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கும். வெறுமனே ‘எண்ணை ஐந்தால் வகுத்து மீதியைப் பார்’ என்று வைத்திருந்தால், ஐந்து நான்கானவுடன் பெரும்பாலான தரவு இடம் மாற வேண்டியிருக்கும். ஒரு பவர் சப்ளை எரிந்ததற்கு வீடு முழுக்கக் காலி செய்வது எந்தப் பொறியாளருக்கும் கட்டுப்படியாகாது.

இனி அந்த நள்ளிரவுக்கு வருவோம்.

பவர் போன நொடியில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஓஎஸ்டிகள் சராசரியாக 6 விநாடிக்கு ஒருமுறை ஒன்றையொன்று ‘இருக்கிறாயா?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராமல் 20 விநாடி போனால் மானிட்டரிடம் புகார் போகும். ஒருவர் புகாரை மானிட்டர் நம்பாது. புகார் சொன்னவரின் நெட்வொர்க்கே பழுதாக இருக்கலாம். குறைந்தது இரண்டு புகார்கள், அதுவும் வெவ்வேறு சர்வர்களிலிருந்து வர வேண்டும். வந்ததும் 4, 5, 6, 7 ஆகிய நான்கையும் `down` என்று குறித்து, புதிய பதிப்பு வரைபடத்தை வெளியிடும்.

அந்த 20 விநாடிதான் விர்ச்சுவல் மெஷின்கள் உறைந்து நிற்கும் நேரம். மூன்று நகலும் எழுதி முடித்தால்தான் ‘முடிந்தது’ என்ற பதில் வரும் என்று பார்த்தோமே. ஐந்தில் ஒரு சர்வர் போயிருக்கிறது. பிஜி ஒவ்வொன்றும் ஐந்தில் மூன்று சர்வர்களில் இருக்கிறது. ஆகவே 512-இல் சுமார் 307 பிஜிகளுக்கு ஒரு நகல் அந்தச் சர்வரில் இருந்திருக்கும். அவற்றில் எழுதப் போன எல்லாரும் வராத பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். மற்ற 205 பிஜிகள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் அதனால் பயனில்லை. 100 ஜிகாபைட் விர்ச்சுவல் டிஸ்க் ஒன்று 25,000-க்கும் மேற்பட்ட துண்டுகளாக எல்லாப் பிஜிகளிலும் பரவிக் கிடக்கிறது. எந்த மெஷினாக இருந்தாலும் சீக்கிரமே ஏதோ ஒரு பாதிக்கப்பட்ட பிஜியைத் தொட்டு நிற்கும். பிழை எதுவும் வராது, காத்திருக்கும், அவ்வளவுதான்.

சர்வர் சாகாமல் ஓஎஸ்டி நிரல் மட்டும் செத்திருந்தால் இந்தக் காத்திருப்பு பெரிதாக இருக்காது. அப்போது அந்தச் சர்வரின் இயங்குதளம் உயிரோடு இருந்து ‘இங்கே அப்படி யாரும் இல்லை’ என்று உடனே இணைப்பை மறுத்துவிடும். அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டு மானிட்டர் சட்டென்று முடிவு செய்யும். மின்சாரம் போன சர்வரோ மறுக்கக்கூட ஆளில்லாமல் மௌனமாக இருக்கும். மௌனத்தை மரணம் என்று முடிவு செய்ய நேரம் பிடிக்கிறது.

`down` அறிவிப்பு வந்ததும் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பிஜியிலும் மிச்சமுள்ள ஓஎஸ்டிகள் கூடிப் பேசும். இதற்குப் பீரிங் என்று பெயர். யாரிடம் கடைசிவரை எழுதிய பதிவு இருக்கிறது, யார் பின்தங்கியிருக்கிறார்கள் என்று தங்கள் பதிவேடுகளை ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வந்த பிறகே மறுபடி கதவைத் திறக்கும். நம் `2.1a5`-க்குத் தலைவர் 7 போய்விட்டதால் 14 தலைவராகிறது. இப்போது பட்டியல் `[14,2]`. இரண்டு நகல்தான் இருக்கிறது, ஆனால் வேலை நடக்கும். திரையில் `ceph -s` அடித்தால் இப்படித் தெரியும்:

```
health: HEALTH_WARN
        4 osds down
        1 host (4 osds) down
        Degraded data redundancy: 2401152/12000000 objects degraded (20.010%),
        307 pgs degraded, 307 pgs undersized
```

முதல் முறை பார்ப்பவர்களுக்கு இந்த 20 சதவீதம் வயிற்றைக் கலக்கும். தரவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. 40 லட்சம் ஆப்ஜெக்ட்டுக்கு மூன்று நகல் வீதம் இருக்க வேண்டிய ஒரு கோடியே இருபது லட்சம் நகல்களில் 24 லட்சம் இப்போது இல்லை என்றுதான் பொருள். ஒரு ஆப்ஜெக்ட்கூடத் தொலையவில்லை.

இதற்குப் பிறகு பத்து நிமிடம் செஃப் எதுவும் செய்யாது. வேண்டுமென்றேதான் சும்மா இருக்கிறது. சர்வர்கள் சாவதைவிட ரீபூட் ஆவதுதான் அதிகம். ஒவ்வொரு ரீபூட்டுக்கும் டெராபைட் கணக்கில் தரவை நகர்த்துவது வீண். ஆகவே 600 விநாடி பொறுத்துப் பார்க்கும். அதற்குள் சர்வர் திரும்பி வந்தால், ஒவ்வொரு பிஜியும் வைத்திருக்கும் மாற்றப் பதிவேட்டைப் பார்த்து, இல்லாத நேரத்தில் மாறியதை மட்டும் எழுதிக்கொள்ளும். சில நிமிடத்தில் முடிந்துவிடும். (பராமரிப்புக்காக நாமே சர்வரை நிறுத்தும்போது `ceph osd set noout` என்று சொல்லி இந்தக் கடிகாரத்தையே நிறுத்தி வைக்கலாம். வேலை முடிந்ததும் `unset` செய்ய மறந்தால், அடுத்து ஒரு டிஸ்க் உண்மையிலேயே செத்தாலும் செஃப் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். `noout flag(s) set` என்ற எச்சரிக்கை திரையில் நாள்கணக்கில் கிடந்தால் யாரோ மறந்துவிட்டார்கள் என்று பொருள்.)

பத்து நிமிடமும் சர்வர் வரவில்லை. நான்கு ஓஎஸ்டிகளும் `out` என்று குறிக்கப்படுகின்றன. `down` என்பது ‘இப்போது இல்லை’. `out` என்பது ‘இனி கணக்கில் இல்லை’. வரைபடம் மாறியதும் எல்லாரும் மறுபடி குலுக்கல் போடுகிறார்கள். `2.1a5`-க்குப் புது விடை `[14,2,9]`. மூன்றாவது சர்வரில் இருக்கும் 9-ஆம் ஓஎஸ்டியிடம் அந்தப் பிஜியின் ஒரு ஆப்ஜெக்ட்கூட இல்லை. தலைவர் 14 தன்னிடம் இருப்பதை வரிசையாக எடுத்து 9-க்கு அனுப்புகிறது. இதுதான் பேக்ஃபில். அது முடியும் வரை, கட்டளையைக் கேட்டால் `up ([14,2,9], p14) acting ([14,2], p14)` என்று இரண்டு பட்டியலும் வேறு வேறாகத் தெரியும். இருக்க வேண்டியவர்கள் முதல் பட்டியலில். இப்போது உண்மையில் வேலை செய்பவர்கள் இரண்டாவதில்.

பை பையாகப் பிரித்து வைத்ததன் பலன் இங்கேதான் கைக்கு வருகிறது. செத்த சர்வரில் இருந்தது 9.6 டெராபைட். பழைய ரெய்டு முறையில் ஒரு 4 டெராபைட் டிஸ்க் போனால், அதன் மாற்று டிஸ்க் ஒன்றே ஒன்று முழுவதையும் எழுத வேண்டும். விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இங்கே 307 பிஜிகளின் புது வீடுகள் 16 டிஸ்க்குகளிலும் சிதறியிருக்கின்றன. ஆளுக்கு 600 ஜிகாபைட்தான். ஒவ்வொரு டிஸ்க்கும் விநாடிக்கு வெறும் 50 மெகாபைட் எழுதினாலும் மூன்று மணி இருபது நிமிடத்தில் நான்கு டிஸ்க்குகளின் சரக்கும் மீண்டுவிடும். கொடுப்பவரும் பலர், வாங்குபவரும் பலர். கிளஸ்டரில் சர்வர்கள் கூடக் கூட இந்த நேரம் குறையும்.

இந்த 50 மெகாபைட் என்பது நான் வைத்துக்கொண்ட எண். நடைமுறையில் பகல் நேர வேலையைப் பாதிக்காமலிருக்க செஃப் மீட்பு வேகத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும். வழக்கமான அமைப்பில் ஒரு ஓஎஸ்டி ஒரு நேரத்தில் மிகச் சில பேக்ஃபில்களையே கையில் எடுக்கும். அதனால் திரையில் பெரும்பாலான பிஜிகள் `backfill_wait` என்று வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். ஏதோ சிக்கிக்கொண்டது என்று பதறி, வேகத்தைக் கூட்டும் அமைப்புகளை எல்லாம் ஏற்றிவிட்டு, விர்ச்சுவல் மெஷின்களை மூச்சுத் திணற வைப்பவர்கள் உண்டு. மீதியுள்ள எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

இதுவரை எல்லாம் சுமுகம். சுமுகமாக நடக்காத இடங்களில் முதலாவது, இடப் பற்றாக்குறை. நம் கிளஸ்டர் 60 சதவீதம் நிரம்பியிருந்தது. ஐந்து சர்வரின் சரக்கு நான்கில் அடங்க வேண்டும் என்பதால் மீட்பு முடிந்ததும் 75 ஆகிவிடும். பரவாயில்லை. ஆனால் ஆரம்பத்திலேயே 73 ஆக இருந்திருந்தால்? 91 சதவீதத்தை நோக்கிப் போகும். ஒரு ஓஎஸ்டி 85-ஐத் தாண்டினால் செஃப் எச்சரிக்கும். 90-ஐத் தொட்டால் அதற்குள் பேக்ஃபில்லை ஏற்காது, `backfill_toofull` என்று பிஜிகள் நின்றுவிடும். 95-ஐத் தொட்டால் எழுதுவதே நிறுத்தப்படும். இதில் கவனிக்க வேண்டியது, இந்த எல்லைகள் சராசரிக்கு அல்ல, ஒவ்வொரு ஓஎஸ்டிக்கும் தனித்தனியாக. குலுக்கல் என்பதால் எல்லா டிஸ்க்கும் ஒரே அளவு நிரம்பாது. சராசரி 75-இல் இருக்கும்போதே ஏதோ ஒரு டிஸ்க் 85-ஐத் தாண்டியிருக்கலாம். அந்த ஒன்று 95-ஐத் தொட்டால், மற்ற டிஸ்க்குகளில் எவ்வளவு இடம் இருந்தாலும் அந்தப் பூலில் எழுத முடியாது. பிஜிகளைச் சமமாகப் பங்கிடும் பாலன்சரை ஓட்டி வைப்பது இதற்காகத்தான். ஐந்து சர்வர் கிளஸ்டரில் 65 சதவீதத்தைத் தாண்டும்போதே புது சர்வருக்கு ஆர்டர் போட்டுவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 80 டெராபைட் வாங்கிவிட்டு அதில் பாதியையும் பயன்படுத்தவில்லையே என்று கணக்குப் பிரிவில் கேட்பார்கள். அந்தக் காலி இடம் செத்துப்போகப் போகும் சர்வருக்கான ஒதுக்கீடு என்று சொல்லிப் புரிய வைப்பது பொறுப்பாளரின் சாமர்த்தியம்.

மூன்றே சர்வர் வைத்து மூன்று நகல் வைப்பவர்களுக்கு இந்தக் கவலை வராது. அவர்களுக்கு மீட்பே கிடையாது. ஒன்று போனால் மூன்றாவது நகலுக்கு வேறு சர்வர் இல்லை. செத்ததைச் சரிசெய்யும் வரை எல்லாப் பிஜியும் இரண்டு நகலோடு நிற்கும். செலவைக் குறைக்க மூன்றோடு தொடங்குகிறவர்கள் நான்காவதை எப்போது வாங்குவது என்பதை அன்றே யோசித்து வைப்பது நல்லது.

இரண்டாவது சிக்கல், குறைந்தபட்ச நகல் எண்ணிக்கை. செஃபில் `size` 3 என்றால் `min_size` வழக்கமாக 2. மீட்பு முடிவதற்குள் 2-ஆம் ஓஎஸ்டியும் செத்தால், `2.1a5`-க்கு 14-இல் ஒரு நகல்தான் மிச்சம். அப்போது செஃப் அந்தப் பிஜியில் எழுதுவதையும் படிப்பதையும் நிறுத்திவிட்டு, முதலில் இன்னொரு நகல் உருவாகட்டும் என்று காத்திருக்கும். மெஷின்கள் நின்றுவிடும், போன் அடிக்கும். அந்த நெருக்கடியில் `min_size`-ஐ 1 ஆக்கினால் எல்லாம் உடனே ஓடும் என்று ஆசை வரும். ஓடத்தான் செய்யும். 14 தனியாக எழுத்துகளை வாங்கி ‘முடிந்தது’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரத்தில் 14-உம் செத்து, பழுது பார்த்த 7 திரும்பி வந்தால் என்ன ஆகும்? 7-இடம் இருப்பது நள்ளிரவுவரையிலான தரவு. இடையில் 14 தனியே எழுதியிருக்கக்கூடும் என்று பழைய வரைபடங்களிலிருந்து செஃபுக்குத் தெரியும். அதனால் 7-ஐ நம்பாது. 14 வரட்டும் என்று அந்தப் பிஜியை `down` நிலையில் நிறுத்தி வைக்கும். 14 வரவே வராது என்றால், பொறுப்பாளர் தன் கையால் `ceph osd lost` அடித்து, நடுவில் எழுதப்பட்டது போனால் போகட்டும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பிஜியில் 31 ஜிகாபைட்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. எல்லா விர்ச்சுவல் டிஸ்க்கும் எல்லாப் பிஜியிலும் பரவியிருப்பதால், அந்த ஒரு பையில் இருந்த இழப்பு ஏறக்குறைய எல்லா மெஷினின் டிஸ்க்கிலும் ஆங்காங்கே விழும். பரப்பி வைப்பதற்கு நாம் கொடுக்கும் விலை இது.

மூன்றாவதுதான் பொறுப்பாளர்களை உண்மையில் தூங்கவிடாதது: சாகாமலும் பிழைக்காமலும் இருக்கும் சர்வர். நெட்வொர்க் கேபிள் ஒன்று தளர்ந்திருக்கிறது, அல்லது சுவிட்ச்சின் ஒரு போர்ட் பாக்கெட்டுகளை விட்டுவிட்டு அனுப்புகிறது. மற்றவர்கள் அந்தச் சர்வர் செத்துவிட்டது என்று புகார் சொல்ல, மானிட்டர் `down` என்று குறிக்கிறது. அடுத்த வரைபடத்தைப் பார்த்த அந்த ஓஎஸ்டி ‘நான் உயிரோடுதானே இருக்கிறேன்’ என்று மறுபடி எழுந்து வருகிறது. ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான பிஜிகள் கதவைச் சாத்திக்கொண்டு பீரிங் செய்ய வேண்டும். அது முடிவதற்குள் மறுபடி `down`. சுத்தமாகச் செத்த சர்வரால் 20 விநாடி தடங்கல். இப்படிப்பட்டதால் மணிக்கணக்கில் தடங்கல். ஓஎஸ்டியின் பதிவேட்டில் `wrongly marked me down` என்ற வரி திரும்பத் திரும்ப வந்தால் டிஸ்க்கைத் தேட வேண்டாம், கேபிளைத் தேடுங்கள். அந்தச் சர்வரைக் கையால் நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலும் சரியான வைத்தியம்.

இதில் ஒரு நுட்பமும் இருக்கிறது. பெரிய கிளஸ்டர்களில் நெட்வொர்க் பாக்கெட்டின் அளவை வழக்கமான 1500 பைட்டிலிருந்து 9000-ஆகக் கூட்டி வைப்பார்கள். நடுவில் ஒரே ஒரு சுவிட்ச்சில் அந்த மாற்றத்தைச் செய்ய விட்டுப்போனால், சின்னப் பாக்கெட்டுகள் போகும், பெரியவை காணாமல் போகும். ‘இருக்கிறாயா’ என்ற விசாரிப்பு சின்னதாக இருந்தால் எல்லாம் நலம் என்று பதில் வந்துகொண்டே இருக்கும். தரவு மட்டும் நகராது. அதனால்தான் செஃப் அந்த விசாரிப்பையே 2000 பைட்டுக்கு ஊதிப் பெரிதாக்கி அனுப்புகிறது. பெரிய பாக்கெட் போகாத வழியில் விசாரிப்பும் போகாது. கோளாறு சீக்கிரம் வெளியே தெரியும்.

மூன்று நாள் கழித்துப் புது பவர் சப்ளை வந்து, இரண்டாவது சர்வர் உயிர் பெறுகிறது. அதன் ஓஎஸ்டிகள் எழுந்ததும் `up` ஆகின்றன. செஃபே அவற்றை `out` ஆக்கியிருந்ததால் தானாகவே `in` என்றும் சேர்த்துக்கொள்ளும். குலுக்கலை மறுபடி போட்டால் `2.1a5`-க்குப் பழைய விடையே வருகிறது: `[7,14,2]`. 7-இன் டிஸ்க்கில் பழைய நகல் இன்னும் இருக்கிறது. ஆனால் மூன்று நாள் மாற்றங்கள் பதிவேட்டின் நீளத்தைத் தாண்டியிருந்தால், மாறியதை மட்டும் பட்டியல் பார்த்து எழுத வழியில்லை. ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்டாகப் பதிப்பு எண்ணை ஒப்பிட்டு, பழசாகிப்போனதை மட்டும் புதுப்பிப்பார்கள். அதுவரை 14, 2, 9 மூன்றும் பிஜியைக் கவனித்துக்கொள்ளும். 7 முழுமையானதும்தான் 9 தன் நகலை அழிக்கும். அதனால் இந்த முறை திரையில் `degraded` வராது, `misplaced` என்று வரும். மூன்று நகலும் உயிரோடு இருக்கின்றன, ஒன்று மட்டும் சரியான இடத்தில் இல்லை என்று பொருள். அன்று மாலை பொறுப்பாளர் நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம்.